மாதம் ஒரு பி12 ஊசி: இடுப்பிலா, தொடையிலா?

புதன்கிழமை காலையில் ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் என்று வடசென்னையின் எந்த நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனாலும் கைக்குழந்தையோடு தாய்மார் காத்திருப்பார்கள். பெண்டாவேலன்ட் தடுப்பூசியைச் செவிலியர் குழந்தையின் தொடையில், வெளிப்பக்கமாக, நடுப்பகுதி பார்த்துப் போடுவார். 2011 டிசம்பரில் நாட்டிலேயே முதலில் இந்தத் தடுப்பூசியைத் தொடங்கியவை தமிழ்நாடும் கேரளமும்தான். குழந்தையின் புட்டத்தில் போடக் கூடாது, அங்கே நரம்பு இருக்கிறது என்பது அந்தச் செவிலியருக்குப் பயிற்சியிலேயே சொல்லிக்கொடுத்த பாடம்.

அதே குழந்தையின் தாத்தா மாதம் ஒரு முறை பி12 ஊசி போட்டுக்கொள்பவராக இருந்தால் காட்சி வேறு. தெருமுனை கிளினிக்கில் "கையிலயா, இடுப்புலயா?" என்று ஒரு கேள்வி. அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு திரும்பி நின்று, கைலியைப் பின்பக்கம் கொஞ்சம் இறக்குவார். திறந்த இடத்தில் ஊசி இறங்கும். பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. ஆகிற சிலருக்கு ஆவது பாதம் தூக்க முடியாமல் தொங்கிப்போவது. பேரனுக்குத் தவிர்த்த அபாயத்தைத் தாத்தாவுக்கு ஏன் விட்டுவைத்தோம் என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி. பெரியவர்களின் புட்டத்தில் சதை அதிகம், அதனால் பரவாயில்லை என்பதே வழக்கமான பதில். அந்தப் பதில் எவ்வளவு தூரம் நிற்கும் என்று பார்ப்போம்.

யாருக்கு இந்த ஊசி

மீன் தின்னும் ஊரில் பி12 குறைபாடு எப்படி வரும் என்று பலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். கவலையும் கானாங்கெளுத்தியும் வாரம் இரண்டு நாள் குழம்பில் இருந்தாலே உடம்புக்கு வேண்டிய அளவு கிடைத்துவிடும். ஒரு நாளைக்குத் தேவை இரண்டு மைக்ரோகிராம் சொச்சம்தான். ஆனால் தட்டில் இருப்பது ரத்தத்துக்குப் போய்ச் சேர வேண்டுமே. அதற்கு இரைப்பையின் அமிலம் வேண்டும், இரைப்பைச் சுவர் சுரக்கும் ஒரு புரதம் வேண்டும், சிறுகுடலின் கடைசிப் பகுதி நன்றாக இருக்க வேண்டும். பல ஆண்டுகள் மெட்ஃபார்மின் சாப்பிடும் சர்க்கரை நோயாளிக்கும், தினமும் காலையில் வெறும் வயிற்றில் கேஸ் மாத்திரை போடுபவருக்கும் இந்தச் சங்கிலியில் எங்கோ தடை விழுகிறது. மெட்ஃபார்மின் எடுப்பவர்களுக்கு பி12 குறையலாம், அறிகுறி இருந்தால் அளவைப் பாருங்கள் என்று பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2022இல் மருத்துவர்களுக்கு அறிவுறுத்தியது. சைவ உணவுக்காரர்கள், இரைப்பையை அறுத்து எடுத்தவர்கள், பெர்னீஷியஸ் அனீமியா என்ற ரத்தசோகைக்காரர்கள் ஆகியோர் இந்த வரிசையில் ஏற்கெனவே நிற்பவர்கள்.

இவர்கள் எல்லோருக்கும் ஊசிதான் வழி என்று சொல்ல முடியாது. ஒரு நாளைக்கு 1000 மைக்ரோகிராம் மாத்திரை விழுங்கினால், உறிஞ்சும் வழி பழுதாகியிருந்தாலும் அதில் நூற்றில் ஒரு பங்கு குடல்சுவர் வழியே தானாகக் கசிந்து உள்ளே போகும். அதுவே பத்து மைக்ரோகிராம், தேவைக்கு மேலேயே. கால் மரத்துப்போவது, தள்ளாடுவது, மறதி போன்ற நரம்பு அறிகுறிகள் வந்துவிட்டாலோ, கடுமையான ரத்தசோகை இருந்தாலோ, மாத்திரையை ஒழுங்காக எடுக்க மாட்டார் என்று தெரிந்தாலோ மருத்துவர்கள் ஊசியைத் தேர்வார்கள். வழக்கமான முறை: முதலில் நெருக்கமாகச் சில ஊசிகள், பிறகு வாரம் ஒன்று, பிறகு மாதம் ஒன்று. அந்த மாதாந்திர ஊசி பலருக்கு ஆயுள் முழுக்க. பத்து வருடத்தில் 120 முறை ஒரே உடம்பில் ஊசி இறங்கப் போகிறது. ஒரு முறை போடுவதற்கு வேண்டிய கவனத்தைவிட இதற்குக் கூடுதலாக வேண்டும் என்பதற்கு அந்த எண்ணே காரணம்.

நரம்பு எங்கே ஓடுகிறது

சயாட்டிக் நரம்பு உடம்பின் மிகப் பெரிய நரம்பு. முதுகுத்தண்டின் அடிப்பகுதியிலிருந்து வரும் வேர்கள் ஒன்றுசேர்ந்து உருவாகும் இது, இடுப்புக்கூட்டின் பின்பக்கத் துளை வழியாகப் புட்டத்துக்குள் இறங்குகிறது. உட்காரும்போது பலகையில் அழுந்தும் எலும்புக்கும், தொடையின் வெளிப்பக்கம் துருத்தும் முட்டுக்கும் நடுவில் அது கீழே போகும். ஒருக்களித்துப் படுத்தால் பாயில் அழுந்துவது எதுவோ அதுதான் அந்த முட்டு. இடத்தைத் தேர்வதில் அடுத்துச் சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் இந்த முட்டு தேவைப்படும் என்பதால், வாசிப்பவர்கள் இப்போதே தங்கள் இடுப்பில் கைவைத்து அதைத் தொட்டுப் பார்த்துவிடுவது நல்லது. நின்றபடி காலை உள்ளும் வெளியும் திருப்பினால் கைக்கடியில் அது உருளும்.

புட்டத்தை ஒரு சிலுவைக் கோட்டால் நான்காகப் பிரித்து மேல்–வெளிப் பங்கில் போடு என்பது நர்சிங் வகுப்பில் காலம்காலமாகச் சொல்லிவரும் விதி. விதி தவறில்லை. அதை நடைமுறையில் பிடிக்கும் விதம்தான் தவறாகிறது. புட்டத்தின் மேல் எல்லை, கண்ணுக்குத் தெரியும் உருண்ட சதையின் மேல்விளிம்பு இல்லை, இடுப்பெலும்பின் மேல்விளிம்பு. பெல்ட் கட்டுமிடத்தில் கைவைத்தால் தட்டுப்படும் அந்த எலும்புவரை சதுரத்தை நீட்ட வேண்டும். உருண்டையை மட்டும் நான்காகப் பிரித்தால், மேல்–வெளிப் பங்கு என்று நாம் நினைப்பது உண்மையில் கீழே, உள்ளே வந்துவிடும். அங்கேதான் நரம்பு.

உடையும் இதில் சேர்ந்துகொள்கிறது. நாடா இறுகக் கட்டிய உள்பாவாடையோ பெல்ட் போட்ட பேன்ட்டோ பின்பக்கம் நான்கு விரல்கடை இறங்கினால் திறப்பது முதுகெலும்பை ஒட்டிய நடுப்பகுதி. வெளிப்பக்கம் திறப்பதே இல்லை. கூட்டம் நிற்கிறது, நோயாளி கூச்சப்படுகிறார், கம்பவுண்டர் அவசரப்படுகிறார். திறந்த இடம் எதுவோ அதுவே ஊசியின் இடம் என்றாகிவிடுகிறது.

இன்னொன்று, நரம்பு எல்லோருக்கும் ஒரே வழியில் ஓடுவதில்லை. பத்தில் ஒருவருக்கோ சற்று அதிகமானவர்களுக்கோ அது மேலேயே இரண்டாகப் பிரிந்து, ஒரு கிளை வழக்கத்துக்கு மாறாகத் தசையைத் துளைத்துக்கொண்டு இறங்கும். இப்படி உள்ளவர் யார் என்று வெளியிலிருந்து கண்டுபிடிக்க முடியாது. சயாட்டிக் தவிர, மேல்–வெளிப் பங்கிலேயே இன்னொரு நரம்பும் அதனோடு ஒரு தமனியும் இருக்கின்றன. அதனால்தான் புட்டத்தில் ஊசி குத்திய பிறகு பிஸ்டனைப் பின்னுக்கு இழுத்து ரத்தம் வருகிறதா என்று பார்க்கும் வழக்கம் இன்றும் வலியுறுத்தப்படுகிறது.

போலியோ கண்காணிப்பு காட்டியது

ஊசியால் கால் விழுவது எங்கோ நடக்கும் அபூர்வம் என்று நினைப்பவர்களுக்கு இந்தியாவின் போலியோ வரலாறு பதில் சொல்லும். போலியோவை ஒழிக்க 1997இல் தொடங்கிய கண்காணிப்பு, 15 வயதுக்குட்பட்ட எந்தக் குழந்தைக்குக் கைகால் திடீரெனத் தளர்ந்தாலும் பதிவுசெய்யச் சொன்னது. அப்படிப் பதிவான குழந்தைகளில் போலியோ இல்லை என்று ஆனபின் மருத்துவர்கள் எழுதிய காரணங்களில் வாடிக்கையாக வந்த ஒன்று, புட்டத்தில் போட்ட ஊசியால் நரம்பு அடிபட்டது. அதை இனங்காண வழிகாட்டி நூல்களிலேயே குறிப்பு உண்டு: ஒரு கால் மட்டும், ஊசி போட்ட பக்கம், வலியோடு, குதிகால் தசைநாரைத் தட்டினால் அசைவில்லாமல்.

அதற்கு முன்பே புதுச்சேரி ஜிப்மர் மருத்துவர்களும் எச்.வி. வயட் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளரும் சேர்ந்து 1992இல் வெளியிட்ட ஆய்வு வேறொரு கோணத்தைக் காட்டியது. சாதாரணக் காய்ச்சலுக்குத் தேவையில்லாமல் போட்ட ஊசிகள், உடம்பில் போலியோ வைரஸ் ஏற்கெனவே புகுந்திருந்த குழந்தைகளுக்குப் பக்கவாதத்தைத் தூண்டிவிட்டன. அங்கே நடந்தது ஊசிமுனை நரம்பைத் தொட்டதால் வந்தது இல்லை, காரணம் வேறு. ஆனாலும் ஊசி போடுவதை ஒரு சின்ன விஷயமாகக் கருதும் பழக்கத்தின் விலை இரண்டிலும் ஒன்றே. இந்தியாவின் கடைசி இயற்கைப் போலியோ 2011 ஜனவரியில் பதிவானது. குழந்தைகளின் ஊசி தொடைக்கு இறங்கிவிட்டது. பெரியவர்களின் ஊசி பழைய இடத்திலேயே இருக்கிறது.

சதை அதிகம் என்ற வாதம்

பெரியவர்களின் புட்டத்தில் தசை அதிகம் என்பது உண்மை. ஆனால் அந்தத் தசைக்கு மேலே கொழுப்பும் அதிகம். 1982இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் காக்ஷாட் குழுவினர் சி.டி. படங்களை வைத்துக் கணக்குப் போட்டு, புட்டத்தில் போடும் ஊசிகளில் பெரும்பாலானவை தசையை எட்டாமல் கொழுப்பிலேயே நின்றுவிடுகின்றன, அதுவும் பெண்களுக்கு அநேகமாக எப்போதுமே என்று காட்டினார்கள். டப்ளினில் பின்னர் 50 பேருக்கு ஊசி போட்டு உடனே ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது மருந்து தசைக்குள் போயிருந்தது மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவானவர்களுக்குத்தான். நம் ஊரில் 2 சிசி சிரிஞ்சோடு பெரும்பாலும் வரும் ஒரு அங்குல ஊசியை நினைத்துப் பார்த்தால் இது வியப்பு தராது.

பருத்தவருக்குத் தசையை எட்டாது. மெலிந்தவருக்கோ நரம்புக்கு மிக அருகில் போய்விடும். இரண்டு முனையிலும் தோற்கும் இடம் இது. நடுத்தர உடம்புக்காரருக்குப் பொருந்தலாம். ஆனால் அங்கும் இதைவிட நல்ல இடம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது இதை ஏன் தேர வேண்டும் என்பதற்கு எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

பி12 விஷயத்தில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். இது தண்ணீர் போன்ற கரைசல், தசையை எரிக்கும் மருந்து இல்லை. சயனோகோபாலமின் வகை தோலுக்கடியில் ஆழமாகப் போட்டாலும் வேலை செய்யும். ஆகவே கொழுப்பில் நின்றுவிட்டால் ஊசி வீண் என்று பயப்பட வேண்டாம். பி12 உள்ளே போய்ச் சேரும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடும் இதயநோயாளிக்குத் தசைக்குள் குத்தினால் உள்ளே ரத்தம் கட்டும் என்பதால், தோலுக்கடியிலோ மாத்திரையாகவோ மாற்றலாமா என்று மருத்துவரிடம் கேட்பது அவசியம். பி1, பி6, பி12 மூன்றும் கலந்து வரும் 3 மில்லி ஊசிகள் நம் பக்கம் அதிகம் புழங்குகின்றன. பி12 மட்டும் தேவைப்படுபவருக்கு 1 மில்லி போதும் என்றால் 3 மில்லியை ஏற்ற வேண்டியதில்லை. அளவு கூடினால் வலி கூடும்; பி1 ஊசியால் அரிதாகக் கடும் ஒவ்வாமையும் வருவதுண்டு. வலிக்கான டைக்ளோஃபெனாக் ஊசியை அதோடு சேர்த்து அதே இடுப்பில் போடும் பழக்கம் ஆபத்தானது. அந்த மருந்து நரம்பருகே போனால் பி12 செய்யாத கெடுதலைச் செய்யும்.

இடுப்பின் பக்கவாட்டு

பின்பக்கப் புட்டத்துக்குப் போகாமல், இடுப்பின் பக்கவாட்டிலேயே தடித்த தசை இருக்கிறது. 1950களில் சுவிட்சர்லாந்தின் உடற்கூற்றியலாளர் ஹோக்ஷ்டெட்டர் இந்த இடத்தை விரிவாக ஆராய்ந்து பரிந்துரைத்தார். பெரிய நரம்போ பெரிய ரத்தக்குழாயோ அங்கே இல்லை. தோலுக்கும் தசைக்கும் நடுவிலுள்ள கொழுப்பும் புட்டத்தைவிடக் குறைவு. சுற்றிலும் எலும்பு விளிம்புகள் இருப்பதால் கையால் தடவியே எல்லையைப் பிடிக்கலாம்.

இதை ஒரு நோயாளியை வைத்துப் பார்ப்போம். தண்டையார்பேட்டையில் 62 வயது அம்மா ஒருவர். இளமை முழுதும் காசிமேட்டிலிருந்து கூடையில் மீன் சுமந்து விற்றவர். எடை 44 கிலோ. பன்னிரண்டு வருடமாக மெட்ஃபார்மின். உள்ளங்கால் எரிச்சல், பி12 அளவு குறைவு. மருத்துவர் மாதம் 1000 மைக்ரோகிராம், 1 மில்லி என்று எழுதியிருக்கிறார். இவருக்குப் புட்டத்தில் சதை வற்றிப்போயிருக்கிறது. இவருடைய நரம்புகள் சர்க்கரையாலும் பி12 குறைவாலும் ஏற்கெனவே நோய்ப்பட்டவை. அடிபட்டால் தாங்கும் வலு குறைவு. ஊசிமுனை உரசினால் சுள்ளென்று எச்சரிக்கும் உணர்வும் மங்கியிருக்கலாம். பின்புட்டம் இவருக்கு அறவே வேண்டாம்.

"நின்னுகினே போட்டுடேம்மா, சீக்கிரம் போவணும்" என்பார் அவர். செவிலியர் விட்டுக்கொடுக்கக் கூடாத இடம் அது. நின்றால் தசை விறைக்கும், வலி கூடும், அசைந்தால் ஊசி திசைமாறும். "ஒருக்களிச்சுப் படுங்கம்மா, மேல இருக்கற முட்டிய மடக்கி முன்னால வெச்சுக்கோங்க" என்று படுக்கவைக்க வேண்டும். இடது பக்கம் மேலே இருக்கட்டும். செவிலியர் தன் வலது உள்ளங்கையைத் தொடைமுட்டின் மேல் வைத்து, விரல்கள் அம்மாவின் தலைப்பக்கமும் கட்டைவிரல் கவட்டைப் பக்கமும் பார்க்கும்படி செய்கிறார். ஆள்காட்டி விரல் நுனி இடுப்பெலும்பின் முன்முனையைத் தொடுகிறது. நடுவிரலை அகற்றி இடுப்பெலும்பின் மேல்விளிம்பை நோக்கி நீட்டுகிறார். இரு விரல்களுக்கும் நடுவில் உண்டாகும் முக்கோணத்தின் மையமே இடம். வலது இடுப்புக்கு இடது கை. கை மாறினால் விரல்கள் பின்பக்கம் திரும்பிவிடும், கணக்கே கெட்டுவிடும். கண்டுபிடித்ததும் நகத்தால் லேசாக அழுத்தி அடையாளம் வைத்துக் கையை எடுத்துவிட வேண்டும். விரல்களை அங்கேயே வைத்துக்கொண்டு நடுவில் குத்தப்போனால் ஊசி செவிலியரின் விரலில் இறங்கும்.

புடவை கட்டியவருக்கு இந்த இடம் இன்னொரு விதத்தில் வசதி. உள்பாவாடையின் நாடா முடிச்சருகே பக்கவாட்டில் ஒரு திறப்பு உண்டு. முடிச்சைத் தளர்த்தி அந்தத் திறப்பைப் பக்கவாட்டுக்குத் திருப்பினால் உடையை இறக்காமலே இடம் கிடைத்துவிடும். நைட்டி போட்டவருக்குப் பக்கவாட்டில் ஏற்றினால் போதும். பின்னால் முழுக்கத் திறப்பதைவிடக் கூச்சம் குறைவு என்பதால் பெண்கள் இதற்கு எளிதில் சம்மதிப்பார்கள்.

ஊசி 23 கேஜ், நீல நிறத் தலை கொண்டது. மெலிந்த உடம்புக்கு ஒரு அங்குலம் தாராளம். ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, அது காயும்வரை பொறுக்க வேண்டும். ஈரத்தோடு குத்தினால் எரியும். பஞ்சு வைத்த கையால் தோலை ஒரு அங்குலம் பக்கவாட்டில் இழுத்துப் பிடித்து, நேர் செங்குத்தாக ஒரே மூச்சில் ஊசியை இறக்கி, 1 மில்லியை மெதுவாக, பத்து எண்ணும் நேரத்தில் செலுத்த வேண்டும். மேலும் பத்து எண்ணியபின் ஊசியை எடுத்து, பிறகுதான் இழுத்த தோலை விட வேண்டும். தோல் நகர்ந்து வழியை மூடிவிடுவதால் சிவப்பு மருந்து வெளியே கசிவதில்லை. தேய்க்க வேண்டாம், பஞ்சால் அழுத்திப் பிடித்தால் போதும்.

விரல் அளவை நம்பும் முறைக்கு ஒரு குறை உண்டு. சிறிய கையுள்ள செவிலியர், பெரிய உடம்புள்ள நோயாளி என்றால் விரல்கள் எலும்புகளை எட்டாது. அப்போது விரலை விட்டுவிட்டு எலும்புகளையே குறியாக வைத்துக்கொள்ள வேண்டும்: தொடைமுட்டு, இடுப்பெலும்பின் முன்முனை, மேல்விளிம்பின் தடித்த பகுதி ஆகிய மூன்றையும் தடவிக் கண்டு, அவற்றுக்கிடையே வரும் முக்கோணத்தின் நடுவில் போட வேண்டும். எண்ணூர்த் துறைமுகத்துக்குக் கன்டெய்னர் லாரி ஓட்டும் 96 கிலோ ஓட்டுநருக்கு இப்படித்தான் செய்ய வேண்டியிருக்கும். அவருக்கு ஒன்றரை அங்குல ஊசி. நாள் முழுக்க உட்கார்ந்தே வேலை பார்க்கும் அவருக்கு, உட்காரும்போது அழுந்தாத இடம் என்பதும் பக்கவாட்டின் ஆதாயம்.

தொடை

தானே போட்டுக்கொள்பவருக்கும், வீட்டில் மகளோ மருமகளோ போடுவதற்கும் மருத்துவர் பழக்கிவிட்டிருந்தால் தொடையே சிறந்தது. கண்ணுக்கு நேரே இருக்கும் இடம், நாற்காலியில் உட்கார்ந்தபடி போடலாம். தொடைமுட்டுக்குக் கீழே ஒரு கை அகலம், முழங்காலுக்கு மேலே ஒரு கை அகலம் விட்டுவிட்டு மிச்சமுள்ள நடுப்பகுதி. அகலத்தில், பேன்ட்டின் நடுமடிப்புக்கும் பக்கத் தையலுக்கும் நடுவில் வருவது. நடுமடிப்பைத் தாண்டி உள்பக்கம் போனால் பெரிய தமனியும் நரம்பும். பக்கத் தையலைத் தாண்டிப் பின்பக்கம் போனால் மறுபடியும் சயாட்டிக். கால் தளர்வாக இருக்க, குதிகால் தரையில் பதியட்டும்.

தொடையில் தோலுக்கடியில் ஓடும் உணர்வு நரம்புக் கிளைகள் உண்டு. அவற்றில் பட்டால் உள்ளங்கை அளவுக்குத் தோல் எரியலாம், மரக்கலாம். அந்த நரம்பு எந்தத் தசையையும் அசைப்பதில்லை என்பதால் கால் விழாது. தொடை ஊசியின் உண்மையான குறை வலி. அடுத்த நாள் படியேறும்போது தெரியும். மாதாமாதம் ஒரே பக்கம் போட்டால் தசை கட்டிப்போகும். வலது, இடது என்று மாற்றிப் போட வேண்டும்.

தவறு நடந்தால்

நரம்பில் பட்ட ஊசியைப் பெரும்பாலும் நோயாளியே உடனே சொல்லிவிடுவார். குத்திய இடத்தில் வலிப்பதும் ஷாக் அடித்த மாதிரி பாதம்வரை பாய்வதும் வேறு வேறு. பாய்ந்தது என்று சொன்ன அந்த நொடியில் பிஸ்டனை அழுத்துவதை நிறுத்தி ஊசியை எடுத்துவிட வேண்டும். "கொஞ்சம் பொறுத்துக்கோங்க, முடிஞ்சிடும்" என்று மிச்ச மருந்தைச் செலுத்துவதுதான் காயத்தைக் கெடுதலாக்குகிறது. முனை குத்தியதைவிட, நரம்புறைக்குள் போன மருந்து செய்யும் சேதம் பெரிது.

பிறகு காலைப் பார்க்க வேண்டும். குதிகாலில் நடக்கச் சொல்லுங்கள். அதாவது பாதத்தின் முன்பகுதி தரையில் படாமல். சயாட்டிக்கின் வெளிக்கிளை அடிபட்டால் இது முடியாது. அந்தக் கிளைதான் ஊசிக் காயத்தில் அதிகம் பாதிக்கப்படுவது. வீட்டில் தெரியும் அடையாளம் செருப்பு. ரப்பர் செருப்பு அந்தக் காலிலிருந்து தானாகக் கழன்று போகும், பெருவிரல் வாசற்படியில் தட்டும். பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் தொட்டால் உணர்வு இருக்காது. சிலருக்கு உடனே தெரியாமல், உள்ளே ரத்தம் கட்டியோ சீழ் பிடித்தோ சில மணி நேரமோ சில நாளோ கழித்துத் தொடங்கும்.

இங்கே ஒரு குழப்பம் வரும். பி12 ஊசி போட்டுக்கொள்பவர் கால் மரத்துப்போவதற்காகவே ஊசிக்கு வந்தவர். மரப்பு ஊசியால் வந்ததா, பழையதா? குறைபாட்டாலும் சர்க்கரையாலும் வரும் மரப்பு இரண்டு பாதங்களிலும், விரல்நுனியிலிருந்து மெல்ல மேலேறி, மாதக்கணக்கில் வளரும். ஊசியால் வந்தது ஒரு காலில், ஊசி போட்ட பக்கத்தில், நாளும் நேரமும் சொல்லக்கூடியதாக இருக்கும். இந்த வேறுபாடு தெரியாமல் "சர்க்கரையால்தான்" என்று அனுப்பிவிட்டால் சிகிச்சைக்கான காலம் கழிந்துவிடும்.

காலம் ஏன் முக்கியம் என்பதைக் கணக்கே சொல்லும். அறுந்த நரம்பிழை ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வளரும். புட்டத்திலிருந்து, பாதத்தைத் தூக்கும் தசை தொடங்கும் முழங்காலடிவரை சுமார் 50 சென்டிமீட்டர். 500 நாள், பதினாறு மாதத்துக்கு மேல். ஒன்றரை வருடத்துக்கு மேல் நரம்பில்லாமல் கிடக்கும் தசை பிறகு நரம்பு வந்தாலும் எழுந்திருப்பது அரிது. நரம்பிழைகள் அறுபடாமல் உறை மட்டும் நசுங்கியிருந்தால் சில வாரங்களில் தானாகச் சரியாகும். இது எந்த வகை என்பதை நரம்புக் கடத்தல் பரிசோதனை சொல்லும். ஆனால் அறுந்த இழை கீழ்வரை சிதைய மூன்று வாரம் ஆகும் என்பதால் அந்தப் பரிசோதனை அதற்குப் பிறகுதான் தெளிவாகப் பேசும். ஆகவே முதல் நாளே ஸ்டான்லி போன்ற பெரிய மருத்துவமனைக்குப் போய்ப் பதிவுசெய்து, பாதத்தைத் தாங்கும் பட்டையும் இயன்முறைப் பயிற்சியும் தொடங்கி, மூன்று வாரத்தில் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். மூன்று முதல் ஆறு மாதத்தில் முன்னேற்றமே இல்லையென்றால் அறுவை சிகிச்சை பற்றி நரம்பு மருத்துவர் முடிவெடுப்பார்.

நரம்பு தவிர இன்னொரு ஆபத்து சீழ்க்கட்டி. இரண்டு மூன்று நாளில் சிவந்து, சூடாகி, வீங்கினால் வழக்கமான கிருமி. சில வாரம் கழித்துக் கட்டி கிளம்பி, சாதாரண ஆன்டிபயாடிக்கில் ஆறாமல் புண்ணாக வடிந்தால், அழுக்கு நீர் வழி வரும் காசநோய்க் கிருமியின் உறவுக்காரக் கிருமியைச் சந்தேகிக்க வேண்டும். சர்க்கரை நோயாளி இரண்டிலும் காத்திருக்கக் கூடாது.

மாதம் ஒன்று என்று தொடர்ந்து போகும் ஊசியில் போடுபவர் மாறிக்கொண்டே இருப்பார். ஒரு மாதம் கிளினிக், ஒரு மாதம் வீட்டருகே நர்ஸ் அக்கா, ஒரு மாதம் மகள். ஆகவே ஓ.பி. நோட்டின் கடைசிப் பக்கத்தில் தேதி, மருந்தின் பெயரும் அளவும், எந்த இடம், எந்தப் பக்கம் என்று நான்கு கட்டம் போட்டு எழுதிவைப்பது நல்லது: "வலது இடுப்புப் பக்கவாட்டு", அடுத்த மாதம் "இடது". அதற்குக் கீழே, "பின்புட்டத்தில் வேண்டாம்" என்று ஒரு வரி. அடுத்து ஊசி போடுபவர் படிக்க வேண்டியது அதைத்தான்.